வாஷிங்டனின் ராஜ வம்சமும் என்னை அலைக்கழித்த லாரன்ஸும்

ஜார்ஜ் வாஷிங்டன் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் வழிவந்தவர் என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. அதில் இரண்டு மாதம் தப்பான ஆளுக்கே போனது.

வாஷிங்டனின் அப்பா, தாத்தா என்று ஆண்கள் வரிசையிலேயே ஏறியதுதான் முதல் தவறு. வர்ஜீனியாவில் குடியேறிய கொள்ளுத்தாத்தா ஜான். அவர் தம்பி லாரன்ஸ். இங்கிலாந்தில் சல்கிரேவ் என்ற ஊரின் வாஷிங்டன் குடும்பத்திலும் ஜான், லாரன்ஸ் என்று இரு சகோதரர்கள் உண்டு. 1790-களிலேயே ஐசக் ஹெர்ட் என்ற குலமரபு அதிகாரி இந்த இரண்டு ஜோடியும் ஒன்றே என்று எழுதிவைத்தார். நானும் நம்பி, லாரன்ஸின் உயில் நகல் கேட்டு ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் பணம் கட்டினேன். வந்தது வேறொரு லாரன்ஸின் உயில். கேட்டால், "நீங்கள் பெயரை மட்டும்தானே எழுதியிருந்தீர்கள்" என்று ஒரு வரி பதில்! கடுப்பாக இருந்தாலும் தப்பு என்னுடையதுதான். பெயரோடு ஊர், தொழில், மனைவி பெயர் மூன்றையும் எழுதாமல் எதையும் கேட்காதீர்கள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சல்கிரேவ் குடும்பத்து ஜான் 'சர்' பட்டம் பெற்றவர், லாரன்ஸ் பாதிரியார். வர்ஜீனியாவுக்குப் போனவர்களில் பட்டக்காரரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. செஸ்டர் என்ற ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டில் இதைச் சொல்லியே ஹெர்ட்டின் இணைப்பை உடைத்தார். 1889-இல் வாட்டர்ஸ் என்பவர் அந்தப் பாதிரியாரே குடியேறியவர்களின் அப்பா என்று காட்டினார். பாதிரியாரின் மனைவி ஆம்ஃபிலிஸின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் 1656-இல் மகன் ஜானுக்குத் தரப்பட்ட பதிவு இதற்குப் பெரிய துணை. ஆக, ஹெர்ட் அப்பாவையும் பெரியப்பாவையும் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டார். நானும்தான்.

நண்பர் சொன்ன எட்வர்ட் தொடர்போ வாஷிங்டனின் அப்பாவைப் பெற்ற பாட்டி மில்ட்ரெட் வார்னர் வழியில் இருக்கிறது. பாட்டியின் அம்மா மில்ட்ரெட் ரீட். அவருடைய அப்பா ஜார்ஜ் ரீட்தான் வர்ஜீனியாவுக்கு வந்தவர். ஜார்ஜின் அம்மா மில்ட்ரெட் விண்டிபேங்க் என்று நிறுவிவிட்டால், அங்கிருந்து டிமோக், பெர்சி குடும்பங்கள் வழியாக எட்வர்டுவரை போவது சுலபம். சந்தேகம் ஜார்ஜிடம்தான்.

அவர் வர்ஜீனியாவிலிருந்து சகோதரர் ராபர்டுக்கு எழுதிய கடிதங்கள் அரசாங்க ஆவணங்களில் இருக்கின்றன. அந்த ராபர்ட், அமைச்சர் பிரான்சிஸ் விண்டிபேங்க்கிடம் செயலாளர். அமைச்சர் அவருக்குத் தாய்மாமன். ஆனால் ஜார்ஜ் வேறு தாயின் பிள்ளையாக இருந்தால் எல்லாம் போச்சு. இரண்டு இரவு இந்த யோசனையிலேயே கழிந்தது. யார்க்டவுனில் உள்ள கல்லறைக் கல்லில் ஜார்ஜ் பிறந்தது 1608 என்றிருக்கிறது. ஜார்ஜின் அப்பா பெயரும் ராபர்ட் ரீட்தான்; அவருக்கும் மில்ட்ரெட் விண்டிபேங்க்குக்கும் திருமணம் 1600-இல். அப்பாடா! போதாததற்கு ஜார்ஜ் தன் மகளுக்கும் மில்ட்ரெட் என்றே பெயர் வைத்திருக்கிறார். பெயர் ஒற்றுமையை இனி ஆதாரமாக எடுக்கமாட்டேன் என்றாலும், இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.