மணப்பெண்ணுக்கு மஞ்சள்காமாலை: பிளாஷில் ஜெல் ஒட்டிய அனுபவம்

நிச்சயதார்த்தப் படங்களைக் கொடுத்து நான்கு நாள் ஆகவில்லை, பெண்ணின் சித்தி போன் பண்ணிவிட்டார். "தம்பி, எங்க பொண்ணு முகம் என்ன மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?" பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அந்தப் படங்களுக்குத்தான் முதன்முறையாக முறையான ஜெல், அதாவது பிளாஷ் வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் தாள் போட்டிருந்தேன்.

அதற்கு முந்தைய நிகழ்ச்சியில் ஜெல்லே இல்லை. மேடைக்கு வீடியோக்காரர் வைத்த ஆலஜன் விளக்குகள், ஏறக்குறைய 3200 கெல்வின். வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு அது, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். என் பிளாஷ் 5500. எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுப்பது என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸைப் பிளாஷுக்கு வைத்தால் பின்னணி ஆரஞ்சாக எரிந்தது. ஆலஜனுக்கு வைத்தால் முகம் நீலம். இதைச் சரிசெய்ய ஸ்டேஷனரி கடையில் பத்து ரூபாய்க்கு ஆரஞ்சு செல்லோபேன் தாள் வாங்கி ஒட்டினேன். தோல் செக்கச்செவேல் என்றானது. பட்டுச் சேலையின் பச்சை பழுப்பாகிவிட்டது. வேகமாக இருபது, முப்பது அடி அடித்ததும் தாள் சுருங்கிப் பிளாஷ் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டி எடுத்தேன், தழும்பு இன்னும் இருக்கிறது. கலர்ப் பேப்பர் நிறத்தைக் காட்டத்தான் செய்யும். எந்த அலைநீளத்தை எவ்வளவு விடவேண்டும் என்ற கணக்கு அதற்குக் கிடையாது.

அதனால்தான் அடுத்த தடவை லீ கம்பெனியின் 204 வாங்கினேன், முழு சி.டி.ஓ, பகல் வெளிச்சத்தை ஆலஜன் நிறத்துக்கு இறக்கும் ஆரஞ்சுத் தாள். கேமராவில் 3200 கெல்வினைக் கையால் வைத்தேன். (ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒரு முடிவு எடுக்கும்.) வெளிச்சம் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறைந்தது, பிளாஷ் சார்ஜ் ஆகக் கூடுதல் நேரம் எடுத்தது. பரவாயில்லை, பின்னணி வெள்ளையாகிவிட்டது. முகம் மட்டும் மஞ்சள்.

காரணம் ஜெல்லின் விவரத்திலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. 204 என்பது 6500 கெல்வினை 3200 ஆக்கும் தாள். என் பிளாஷோ 5500. இதைக் கெல்வினைக் கழித்துப் பார்த்தால் புரியாது, மைரெட் போடவேண்டும். பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வருவதுதான் மைரெட். பிளாஷ் 182, ஆலஜன் 312. எனக்குத் தேவைப்பட்டது 130. 204 கூட்டுவதோ 159. ஆக பிளாஷ் 341-க்குப் போய், சுமார் 2930 கெல்வினில் விழுந்திருக்கிறது. ஆலஜனையே தாண்டிய மஞ்சள்! முக்கால் சி.டி.ஓ, அதாவது 285, 6500-ஐ 3600 ஆக்குவது. அது கூட்டுவது 124. 182-உடன் சேர்த்தால் 306, சுமார் 3270 கெல்வின். அந்த மேடைக்கு அதுதான் சரியான தாள்.

இப்போது முக்காலையே போடுகிறேன். முதல் ஐந்து நிமிடத்தில் சாம்பல் அட்டையைப் பெண்ணின் முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவேன். அட்டை இல்லாதபோது மாமா ஒருவரின் வேட்டியை வெள்ளைக்கு அளவாக எடுத்து மாட்டிக்கொண்டதும் உண்டு. துவைக்கும்போது அதற்கு நீலம் போட்டிருந்தார்கள். கேமரா அந்த நீலத்தைக் கழிக்கப்போய் எல்லாரையும் மஞ்சளாக்கியது. வேட்டியை நம்பாதீர்கள்.

மேடை சரியானால் பந்தி காத்திருக்கிறது. அங்கே ட்யூப்லைட். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் பச்சை கூடுதல், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். சி.டி.ஓவைக் கழற்றாமல் போனால் இலையில் சோறு சந்தனமாக இருக்கும். வெறும் பிளாஷ் அடித்தாலும் பிரச்சினை தீராது. பச்சையைப் பின்னால் கணினியில் கழித்தால், பிளாஷ் பட்ட முகங்கள் ரோஜா நிறமாகும், பச்சை அவற்றில் இல்லையே. எனவே பிளாஷிலும் பச்சையைச் சேர்த்துவிடவேண்டும். பிளஸ் கிரீன் தாள், லீ 244. இரண்டு வெளிச்சமும் ஒரே குறையோடு இருக்கும்போது சாம்பல் அட்டை படத்தை வைத்து ஒரே அடியாகக் கழித்துவிடலாம். எல்இடி ட்யூப் கலந்திருக்கும் மண்டபத்தில் இது அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. ஒரு சோதனைப் படத்தில் சுவரையும் முகத்தையும் பார்த்து முடிவெடுக்கிறேன்.

ஒன்றே ஒன்று பிளாஷில் எதை ஒட்டியும் தீராது. மேடைக்குப் பின்னே ஜன்னல் திறந்திருந்தால், 3200-இல் அந்தப் பகல் வெளிச்சம் நீலமாகவே விழும். ஜன்னல் அளவுக்கு சி.டி.ஓ தாள் விரிக்கும் வசதி எனக்கில்லை. திரையை இழுத்துவிடச் சொல்கிறேன், காற்று வரவில்லை என்று திட்டு வாங்குகிறேன்.

மேடை ஓரத்து இருட்டில் முழுதும் முக்காலும் ஒரே ஆரஞ்சுதான். ஒருமுறை மாற்றிப் போட்டு அரைமணி நேரப் படங்களைக் கெடுத்தபின், ஒவ்வொரு தாளின் மூலையிலும் மார்க்கரால் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். அழியாத மார்க்கராக வாங்குங்கள், வேர்வைக் கை பட்டு முதல் செட் அழிந்துவிட்டது.