இருபதா, அறுபதா? ஐஸ் மிஷினுக்குத்தான் தெரியும்

"மாப்ளே, இதக் கொஞ்சம் எழுதிக் குடு. சாயந்தரம் வேணும்." இவ்வளவுதான் செய்தி. கூடவே 38 நிமிஷம் 12 விநாடிக்கு ஒரு ஆடியோ. அனுப்பியவர் பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் மாமா. நான் மண்டபத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன், அதனால் சொந்தக்காரர்கள் யாருக்கு எதை எழுத வேண்டியிருந்தாலும் அது என் வேலை.

படகுக்காரர்கள் சேர்ந்து போட்ட கூட்டம் அது, வலைக்குக் கொடுத்த முன்பணம் பற்றி. இடம் ஏலம் போடுகிற கொட்டகையின் ஓரம். கச்சான் காற்று வீசுகிறது, பக்கத்தில் ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடுகிறது, மாமா போனைச் சட்டைப்பைக்குள் போட்டபடி பதிவு செய்திருக்கிறார். அதனால் மாமா வெற்றிலை மெல்லுவது மட்டும் பளிச்சென்று கேட்கிறது. அதை எழுதச் சொல்லியிருந்தால் ஒரு எழுத்து விடாமல் எழுதியிருப்பேன்.

சத்தத்தைக் குறைக்க Audacity என்கிற மென்பொருள் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்று மோதுகிற குமுறல் கொஞ்சம் அடங்கும். ஆனால் ஐஸ் மிஷின் சத்தம் மனுஷக் குரல் இருக்கிற அதே அதிர்வெண்களில் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்கப் போய் இரைச்சல் குறைப்பை ஏற்றினால், பேசுகிறவர்கள் எல்லாரும் கடலுக்கடியில் இருந்து பேசுவது போல ஆகிவிடும். கொஞ்சமாகக் குறைத்து, வேகத்தை 0.75க்கு இறக்கி, காதை மூடுகிற ஹெட்போனில் கேட்பதுதான் நடக்கிற காரியம். மூலப் பதிவைத் தொடாமல் தனியே வைத்துவிட வேண்டும், சந்தேகம் வந்தால் அதில்தான் திரும்பக் கேட்கணும். தெளிவான ஒரு மணி நேரப் பேச்சை எழுதவே நாலு மணி நேரம் ஆகும், இந்த மாதிரி என்றால் அதைவிடக் கூட. சாயந்தரக் கதை அப்போதே முடிந்தது.

மாமாவுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "எதுக்கு மாமா இது?"

"ரெண்டு தரப்பும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும் மாப்ளே."

சரி, அப்படியென்றால் சுருக்கம் உதவாது. பேசியதைப் பேசியபடி எழுதணும், "அது வந்து", "என்னன்னா" மாதிரி இழுவைகளை மட்டும் விடலாம். கெட்ட வார்த்தைகளுக்கு [வசவு] என்று போடுவதாக உடன்பாடு. அந்த அடைப்புக்குறி வந்த எண்ணிக்கையைப் பார்த்து அத்தை இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை.

அடுத்து யார் பேசுவது என்கிற பிரச்சினை. "பேரைப் போட்டு எழுது" என்றார் மாமா. போடலாம், ஆனால் கூட்டத்தில் முனியசாமியே மூன்று பேர். குரல் எனக்கு நிச்சயமாகத் தெரிகிற இடத்திலும், ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவர் பதில் சொல்கிற இடத்திலும் மட்டும் பேர் போட்டேன். மற்றவர்களுக்குப் 'பேசுபவர் 1', 'பேசுபவர் 2' என்று முதல் பக்கத்தில் வைத்த எண்ணையே கடைசி வரை கொண்டுபோனேன். இரண்டு பேர் ஒன்றாகக் கத்துகிற இடத்தில் [இருவர் ஒரே நேரத்தில்] என்று போட்டு, பிடிபட்டதை மட்டும் எழுதினேன். பேர் ஊகம் தப்பினால் கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் இடம் மாறிவிடுவார்கள், அப்புறம் கையெழுத்துக்குப் பதில் கைகலப்புதான்.

இதில் ஒரு இடம் அருமை. 17:05ல் தலைவர், "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்கிறார். உடனே ஒரு குரல் கணீரென்று, "சரி, எடுத்துக்க!" கேட்டதும் சம்மதம் கிடைத்துவிட்டது என்றே தோன்றும். நாலு விநாடி முன்னால் போய்க் கேட்டால்தான் தெரிகிறது, அதே குரல் அங்கே "ஒருதரம், ரெண்டுதரம்" என்கிறது. அவர் பக்கத்தில் கணவாய் ஏலம் விடுகிறவர்! அந்த வரியைப் பேசுபவர் கணக்கில் சேர்த்திருந்தால் கூட்டத்தின் தீர்மானத்தை ஏலக்காரர் நிறைவேற்றியிருப்பார். [கூட்டத்துக்கு வெளியே குரல், ஏலம்] என்று தனியாகப் போட்டேன். தலைவர் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

நேரக்குறிப்பை மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு மாப்ளே நம்பர் நம்பரா? ரயில் டைம் மாதிரி இருக்கு." எல்லா வரியிலும் போட்டால் அவர் சொல்வது சரிதான், கண் போய்விடும். பேச்சு வேறு விஷயத்துக்குத் திரும்புகிற இடத்திலும், சந்தேகமான சொல் வருகிற இடத்திலும் மட்டும் போட்டேன். படிக்கிறவர் அந்த இடத்துக்கு நேரே போய்க் கேட்டுவிடலாம் அல்லவா? இதிலும் மாமா ஒரு வேலை செய்தார். பதிவின் ஆரம்பத்தில் அத்தை திட்டுவது இருந்ததாம், அதை வெட்டிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்பினார். விளைவு, என் காகிதத்தில் 23:41 என்று இருப்பது அவர்கள் போனில் 21:50ல் வருகிறது. "தம்பி இல்லாததை எழுதியிருக்கு" என்று ஒருத்தர் கடைக்கே வந்துவிட்டார். வெட்டாத கோப்பை எல்லாருக்கும் அனுப்பச் சொல்லி, அதன் பேரையும் மொத்த நீளத்தையும் காகிதத்தின் தலையில் எழுதினேன். அத்தையின் திட்டு இப்படித்தான் பாம்பன் முழுக்கப் போனது.

இப்போது அந்த 23:41க்கு வருவோம். முன்பணம் எவ்வளவு என்று பொருளாளர் சொல்கிற இடம். சரியாக அந்த நொடியில் ஐஸ் கட்டி ஒன்று மிஷினுக்குள் விழுகிறது. எனக்குக் கேட்டது நடுவில் ஒரு "ருப", கடைசியில் ஒரு "யிரம்". இருபதாயிரமாக இருக்கலாம், அறுபதாயிரமாக இருக்கலாம், பேச்சு வேகத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்துதான் வித்தியாசம், அந்த முதல் எழுத்தைத்தான் ஐஸ் தின்றுவிட்டது. நான் எழுதியது இதுதான்:

```
[23:41] பொருளாளர்: முன்பணம் மொத்தம்
[தெளிவில்லை: "…ருப… …யிரம்"] குடுத்திருக்கு.
```

விடுவார்களா? கொடுத்த தரப்பு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நல்லாக் கேக்குதே, அறுபது!" என்றது. வாங்கிய தரப்பு அதே ஹெட்போனில், "ஏப்பா, காதுல என்ன பஞ்சா? இருபது!" என்றது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. மனசில் ஒரு தொகையோடு கேட்டால் காது அதையே கொண்டுவந்து கொடுக்கும். அதனால்தான் சந்தேகமான இடத்தை இன்னொருவருக்குப் போட்டுக் காட்டும்போது என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்லவே கூடாது. என் தங்கச்சியைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் அந்தப் பத்து விநாடியைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "யாரோ தேங்கா ஒடைக்கிறாங்கண்ணே" என்றாள்.

"நீ பாத்து ஒரு தொகையப் போட்டு விடு மாப்ளே, உன்னை யாரு கேக்கப் போறா" என்றார் மாமா. ஏற்கெனவே கேட்க வந்த ஆறேழு பேர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசியில் பொருளாளர் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் இருந்தது 26,000. இருபத்தாறாயிரம்! "ருப"வும் இருக்கிறது, "யிரம்"மும் இருக்கிறது, இரண்டு தரப்புக்கும் கேட்டது இல்லை. அப்போதும் 23:41ல் இருந்த வரியை நான் மாற்றவில்லை, ஆடியோவில் அது கேட்கவில்லை என்பது மாறப்போவதில்லையே. அடியில் "கணக்கு நோட்டின்படி ரூ. 26,000" என்று தனிக் குறிப்பாகப் போட்டு, பொருளாளரை அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று முனியசாமிகளும் அப்பா பேரோடு. டைப்பிங் காசு யார் தருவது என்று அங்கேயே இன்னொரு கூட்டம் ஆரம்பித்தது, மாமா போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். நான் அதை வாங்கி மேஜை நடுவில் வைத்தேன்.