யூடி லெவல் 2 பயிற்சிக்கு நிறுவனப் பணம்: இரண்டாவது விண்ணப்பம் ஏன் தேறியது

துவாக்குடியில் அழுத்தக் கலன்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் தர ஆய்வாளராக இருக்கிறேன். வெல்டிங்கின் உள்ளே இருக்கும் குறைகளைக் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் சோதனையை, அதாவது யூடியை, வெளி ஏஜென்சிதான் வந்து செய்துகொண்டிருந்தது. அந்தச் சோதனையைத் தானே செய்து முடிவு சொல்லும் தகுதிக்கான லெவல் 2 பயிற்சிக்கு நிறுவனமே பணம் கட்ட வேண்டும் என்று இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் விண்ணப்பம் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது.

அதில் என் தொழில்நுட்ப அறிவு வளரும், ஏஜென்சி செலவு முழுவதும் மிச்சமாகும் என்று எழுதியிருந்தேன். மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நீங்கள் படித்துவிட்டு வருகிறீர்கள், சரி. மெஷின் எங்கே இருக்கிறது?" சோதனைக் கருவி சில லட்சம் ரூபாய். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. வாடிக்கையாளர்கள் சிலர் வெளி ஏஜென்சியின் அறிக்கையைத்தான் ஏற்பார்கள் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு மூன்று மாத ஆய்வுப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏஜென்சி 14 முறை வந்திருந்தது. அவற்றில் ஆறு, குறையை வெட்டியெடுத்துத் திரும்ப வெல்டிங் செய்த இடத்தை மறுபடி பார்ப்பதற்காக. அந்த ஆறில் மூன்று முறை குறை அப்படியே உள்ளே இருந்திருக்கிறது! மறுபடி வெட்டி, மறுபடி வெல்டிங் செய்து, மறுபடி அவர்களை அழைத்திருக்கிறோம். என் விண்ணப்பம் இந்த மூன்று வீண் வருகைகளைப் பற்றியதாக மட்டுமே இருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு வருகைக்கு 5,500 ரூபாய், மூன்றுக்கு 16,500. ஏஜென்சியை அழைக்கும் முன் நானே வாடகைக் கருவியால் பார்த்துவிட வேண்டுமென்றால், ஆறு நாள் வாடகை 12,000. காலாண்டுக்கு மிச்சம் 4,500 ரூபாய்தான். பயிற்சிக் கட்டணம் 32,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 5,760, சென்னையில் தங்கல், பயணம் 9,000. போட்ட பணம் திரும்ப இரண்டரை ஆண்டு ஆகும். இந்தக் கணக்கை மறைக்காமல் அப்படியே எழுதினேன். அதன் கீழே இன்னொரு வரி: மூன்று முறையும் சேர்த்துக் கலன், அதைச் சுழற்றி வெல்டிங் செய்ய உதவும் ரொட்டேட்டர் மேல் ஏழு நாள் சும்மா கிடந்தது, அடுத்த கலன் ஏற இடமில்லை, நீரழுத்தச் சோதனை தள்ளிப்போனது, அது முடிந்தால்தான் வர வேண்டிய தவணையும் தள்ளிப்போனது. மேலாளர் பேனாவால் கோடு போட்டது அந்த வரியின் கீழ்தான்.

மேலும் மூன்று செய்திகளை அவர் கேட்கும் முன்பே எழுதினேன். பத்து நாள் நான் இல்லாதபோது வெல்டிங்குக்கு முன் பாகங்கள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்கும் பொருத்து ஆய்வை யார் பார்ப்பார் என்பதை, பார்க்கப்போகிறவரிடமே பேசி, பெயரோடு குறிப்பிட்டேன். ரசீது நிறுவனத்தின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் வாங்கினால் வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. மூன்றாவது, "படித்துவிட்டு ஓடிவிடுவான்" என்ற பயம். இத்தகைய சோதனை செய்பவர்களுக்குத் தகுதிச் சான்று தருவதற்கான எஸ்என்டி-டிசி-1ஏ முறையில் சான்றளிப்பது வேலை கொடுக்கும் நிறுவனம்தான். வேலையை விட்டால் அந்தச் சான்று அதோடு முடிந்தது. ஆனாலும் ஓராண்டு இருப்பேன் என்று எழுதித் தரச் சொன்னார், கொடுத்தேன். பயிற்சி முடிந்ததும் சான்று வந்துவிடாது, செய்முறை அனுபவ நேரமும் வேண்டும், நிறுவனத்தின் எழுத்து நடைமுறைக்கு அடுத்த தகுதிநிலையான லெவல் 3 பெற்ற ஒருவரின் ஒப்புதலும் வேண்டும் என்பதையும் சேர்த்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் பின்னால் நான்தான் மாட்டியிருப்பேன்.

தேர்வு மூன்று பகுதி: பொது, குறிப்பிட்டது, செய்முறை. ஒவ்வொன்றிலும் குறைந்தது 70, சராசரி 80 வேண்டும். எழுத்துத் தேர்வு எளிதாகவே இருந்தது. செய்முறையில்தான் வழுக்கினேன். 20 மி.மீ. தகட்டில் ஒலியை 70 டிகிரி சாய்வில் அனுப்பும் புரோப் வைத்தால் ஒலி அடிப்பரப்பைத் தொடுவது சுமார் 55 மி.மீ. தொலைவில். அங்கே வந்த எதிரொலியைக் குறை என்று எழுதினேன். அது வெல்டிங்கின் அடியில் இயல்பாகவே இருக்கும் புடைப்பு. தேறினேன், ஆனால் மயிரிழையில்.

திரும்பி வந்த மாதமே ஒரு பழுது. கலனின் 20 மி.மீ. தடிமனான ஓட்டில் குறை வெளியிலிருந்து 14 மி.மீ. ஆழத்தில் இருந்தது. வழக்கம்போல வெல்டர் அண்ணன் வெளியிலிருந்து வெட்டத் தொடங்கினார். உள்ளேயிருந்து வெட்டினால் ஆறே மி.மீ.தான் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். ஆழம் ஏஜென்சி அறிக்கையிலேயே எப்போதும் இருந்திருக்கிறது. பட்டறைக்குள் வந்ததென்னவோ சாக்பீஸ் குறி மட்டும்தான். "இதற்குப் பயிற்சி எதற்கு?" என்று மேலாளர் அன்றே கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.