இரண்டாவது போத்தல்

களுவாஞ்சிக்குடியில் உள்ள என் பாமசிக்கு வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஒரு நாள், மண்டூரிலிருந்து படகுப் பாதையில் வாவியைக் கடந்து வந்த ஒரு தாய் சின்ன மகனுக்குப் பரசிற்றமோல் பாணி கேட்டார். எட்டு நாளைக்கு முன் மூத்தவனின் தொண்டை நோவுக்கு என்னிடம்தான் அமொக்சிசிலின் வாங்கியிருந்தார்.

"மூத்தவனுக்கு எப்படித் தங்கச்சி?"

"மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுட்டுது அண்ணன். ஒரு போத்தல் முழுக்கக் குடுத்து முடிச்சிட்டன். மற்றதை உடைக்கல்ல. சின்னவனுக்கு வந்தால் குடுக்கலாமென்று வெச்சிருக்கன்."

எனக்குத் திக்கென்றது. 20 கிலோ எடையுள்ள அந்தப் பிள்ளைக்கு வேளைக்கு 10 மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு வேளை, 10 நாள் என்று துண்டில் எழுதியிருந்தது. 100 மில்லிலீற்றர் போத்தல் ஐந்தாம் நாளே முடிந்துவிடும். அதனால்தான் இரண்டு கொடுத்தேன். கரைத்த மருந்து நாள்பட்டால் வலுவிழக்கும் என்பதால் இரண்டாவதைத் தூளாகவே கொடுத்தேன். அவருக்கு அது அடுத்த நோய்க்கான மருந்தாகத் தெரிந்திருக்கிறது.

காய்ச்சல் விட்டால் நோய் போய்விட்டது என்பது பலருடைய நம்பிக்கை. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சியில் அந்த அடையாளம் உதவாது. மருந்தே கொடுக்காவிட்டாலும் காய்ச்சல் சில நாளில் தானாக விட்டுவிடும். பத்து நாள் கொடுப்பது தொண்டையில் மிச்சமிருக்கும் கிருமியை முற்றாக அழிக்கத்தான். அது தங்கிவிட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று கிழமை கழித்து மூட்டு வீங்கி வாதக்காய்ச்சல் வரும். இதய வால்வு பழுதாகலாம். அப்புறம் மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, அதுவும் வருடக்கணக்கில்.

இன்னொரு நம்பிக்கையை நாங்களே பரப்பினோம்: பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று. இந்தக் கிருமி பென்சிலின் வகை மருந்துக்கு இன்றுவரை அப்படிப் பழகவில்லை. தேவைக்கு மேல் நீளமாகக் கொடுத்தால் குடலில் வாழும் மற்றக் கிருமிகள் பழகும் வாய்ப்புக் கூடும். பெரியவர்களின் நியூமோனியா சிலவற்றுக்கு, உடல் தேறிவந்தால், ஐந்து நாளே போதும். ஆகவே 'முழுக்க' என்பது அந்த நோய்க்கு வைத்தியர் எழுதிய நாள் கணக்கு. காய்ச்சலோ போத்தலோ அதைச் சொல்லாது.

மருந்தெழுதிய வைத்தியருக்கு அங்கேயே கோல் எடுத்தேன். தாமதிக்காமல் தொடரச் சொன்னார். தூளைத் தட்டி உதிர்த்து, கொதித்தாறிய நீரைப் பாதி விட்டுக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்பும் முறையைத் தாய்க்கு மறுபடி சொல்லிக்கொடுத்தேன். சின்னவனை வைத்தியரிடம் காட்டச் சொன்னேன்.

பிழையில் பாதி என்னுடையது. இப்போது இரண்டாவது போத்தலில் 'இதே பிள்ளைக்கு, 6ஆம் நாள் காலை கரைக்கவும்' என்று எழுதி, அந்தத் திகதியையும் போட்டுத்தான் கொடுக்கிறேன்.