வேலை முடிந்தது, விளைவு எங்கே?

சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், காலாண்டு தொடங்கும் முன் அணிகளின் இலக்குப் பட்டியலைப் படித்துக் கருத்துச் சொல்வது என் பொறுப்புகளில் ஒன்று. நாங்கள் பின்பற்றுவது ஓ.கே.ஆர் முறை. ஆண்டி குரோவ் 1970களில் இன்டெல்லில் வளர்த்தெடுத்து, ஜான் டோர் 1999-ல் கூகுளுக்குக் கொண்டுபோன அதே முறைதான். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைக் குறிக்கோள் சொல்லும். சேர்ந்துவிட்டோமா என்பதை அதன் கீழே உள்ள இரண்டு மூன்று கீ ரிசல்ட்கள் சொல்லும். எழுதிப் பார்த்தால்தான் சிரமம் தெரியும்.

ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்காக ஓர் அணி கொடுத்த பட்டியலைப் பற்றி இங்கே எழுதுகிறேன். புதிய வாடிக்கையாளர்களைத் தொடங்கிவைக்கும் அணி அது. எட்டுப் பேர், ஏழு குறிக்கோள்கள். முதல் குறிக்கோள், ‘புதிய வாடிக்கையாளர் சிரமமில்லாமல் தொடங்க வேண்டும்’. நல்ல குறிக்கோள்தான். அதன் கீழே நான்கு வரிகள் இருந்தன: ஆகஸ்ட் 15-க்குள் புதிய அமைவுத் திரைகளை வெளியிடுவது, 12 பயிற்சி வீடியோக்கள் எடுப்பது, புதிய வாடிக்கையாளர்களில் 100 சதவீதம் பேரைப் புதிய திரைகள் வழியே தொடங்கவைப்பது, வாடிக்கையாளர் திருப்தியை உயர்த்துவது.

முதல் இரண்டும் நாம் செய்யும் வேலைகள் என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஏமாற்றுவது மூன்றாவது வரிதான். அதில் சதவீதம் இருக்கிறது, வாடிக்கையாளரும் இருக்கிறார், அதனால் விளைவு போலத் தோன்றுகிறது. ஆனால் பழைய திரைகளை நாமே மூடிவிட்டால் அன்றைக்கே 100 சதவீதம் வந்துவிடும். வாடிக்கையாளர் பழையபடியே திணறிக்கொண்டிருக்கலாம். இப்படிப்பட்ட வரிகளுக்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இது முழுக்க நடந்த பிறகும் அந்தக் குறிக்கோள் தோற்க முடியுமா? முடியும் என்றால் அது வேலை. திட்ட அட்டவணையில் இருக்கட்டும், கீ ரிசல்ட்டாக வேண்டாம்.

அணியின் தலைவர் விடவில்லை. “அக்கா, நாங்க செய்யறதுக்கு நாங்க பொறுப்பு ஏத்துக்கலாம். வாடிக்கையாளர் என்ன செய்வார்னு எப்படி வாக்குக் கொடுக்கறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலான பட்டியல்கள் வேலைகளால் நிரம்புவதற்குக் காரணமே இந்தப் பயம்தான். இலக்கு தவறினால் வருடாந்திர மதிப்பீட்டில் அடி விழும் என்று தெரிந்தால், தன் கையில் இருப்பதை மட்டும்தான் யாரும் எழுதுவார்கள். இந்தப் பட்டியலை மட்டும் வைத்து ஒருவரின் பணி மதிப்பீட்டை முடிவு செய்யக் கூடாது என்று குரோவே எழுதியிருக்கிறார். மேலாளரை அழைத்து, இந்த எண்ணை வைத்து யாருடைய மதிப்பீடும் முடிவாகாது என்று எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பேச்சு நேராகப் போனது.

சரி, சிரமமில்லாமல் தொடங்கிவிட்டார் என்பதை எதை வைத்துச் சொல்வது? முதல் மாதச் சம்பளத்தை நம் மென்பொருளில் போட்டாரா என்று பார்க்கலாம் என்றார் ஒருவர். ஆனால் பலர் நம் மென்பொருளில் போட்டுவிட்டு, சந்தேகத்துக்கு எக்செலிலும் தனியாகக் கணக்குப் போடுகிறார்கள் என்று உதவிப் பிரிவில் இருந்தவர் சொன்னார். அப்படியானால் நம்பிக்கையின் அடையாளம் வேறு. மாதாமாதம் பி.எஃப். அலுவலகத்துக்கு ஏற்ற வேண்டிய ஈ.சி.ஆர். கோப்பை நம் மென்பொருளிலிருந்து எடுத்தால், அவர் நம் கணக்கை நம்பிவிட்டார் என்று பொருள். அடுத்த மாதம் 15-ஆம் தேதி அதற்குக் கெடு. தவறினால் வட்டியும் அபராதமும் உண்டு. யாரும் விளையாட்டாகச் செய்யும் காரியம் இல்லை.

அளவுகோல் கிடைத்தது, ஆனால் அதை எண்ண முடிய வேண்டுமே. பெரும்பாலும் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பி.எஃப். கட்டாயம், அதனால் அதற்குக் குறைந்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஊழியரே வாடிக்கையாளருக்காகக் கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டால் எண் பொய்யாக ஏறும். எனவே வாடிக்கையாளரின் சொந்த லாகின் வழியாக எடுத்தவை மட்டும் சேரும் என்று எழுதினோம். அப்புறம் காலக் கணக்கு. செப்டம்பரில் சேர்ந்தவரின் கோப்பு அக்டோபர் 15 வரை வராது, அதற்குள் காலாண்டே முடிந்துவிடும். ஆகவே ஆகஸ்ட் 20 வரை சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவர்களின் ஆகஸ்ட் மாதக் கோப்பு செப்டம்பர் 15-க்குள் தெரிந்துவிடும்.

முந்தைய காலாண்டின் தரவை இதே விதிகளோடு எடுத்துப் பார்த்தோம். நூற்றுக்குச் சுமார் 40 நிறுவனங்கள் கெடுவுக்குள் தாமாகவே கோப்பை எடுத்திருந்தன. இலக்கை 60 என்று வைத்தோம். இந்தத் தொடக்க எண் இல்லாமல் 60 என்று எழுதியிருந்தால் அது வெறும் ஆசைதான்.

நான்காவது வரி, திருப்தியை உயர்த்துவது. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று கேட்டதும், 4.1-லிருந்து 4.3 என்று திருத்திக் கொண்டுவந்தார்கள். திருப்தியைப் பற்றி நாம் கேட்கும் கேள்விக்குக் காலாண்டுக்கு முப்பது நாற்பது பேர்தான் பதில் அனுப்புகிறார்கள். அவ்வளவு குறைந்த பதில்களில் 0.2 என்பது நாலைந்து பேரின் மனநிலையில் மேலும் கீழும் போகும். நாம் எதுவும் செய்யாமலே இலக்கை எட்டலாம், நன்றாகச் செய்தும் தவறவிடலாம். எண் இருப்பதாலேயே ஒன்று அளக்கத்தக்கதாகிவிடாது. அந்த வரியை எடுத்துவிட்டோம்.

மிச்சம் இருந்தவை மற்ற ஆறு குறிக்கோள்கள். இதில் நான் சொற்களை ஆராய்வதில்லை, ஆள்பலத்தைக் கணக்குப் போடுகிறேன். எட்டுப் பேர், 13 வாரம் என்றால் 104 ஆள்-வாரங்கள். விடுப்பு, பிழை திருத்தம், அவசர அழைப்புகள் என்று பாதி போய்விடும் என்று அவர்களே சொன்னார்கள். மீதி ஏறக்குறைய 50 வாரங்களை ஏழாகப் பிரித்தால் ஒரு குறிக்கோளுக்கு ஏழு வாரம் வரும். ஒருவர் இரண்டு மாதம்கூட முழுசாக உட்கார முடியாது. “இரண்டு வேலை மோதும் வாரத்தில் எதை நிறுத்துவீர்கள்?” என்று கேட்டேன். ஆளுக்கொரு பதில் வந்தது.

கடைசியில் இரண்டு குறிக்கோள்கள் நின்றன. மற்ற ஐந்தில் மூன்று, உண்மையில் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவை: சர்வர் நிற்காமல் ஓடுவது, புகாருக்கு நான்கு மணி நேரத்தில் பதில், தரவுப் பிழை இல்லாமை. அவற்றைக் கண்காணிப்பு எண்கள் என்று தனியே வைத்து, எவ்வளவுக்குக் கீழே போனால் அணி மற்ற வேலையை நிறுத்தும் என்று எழுதினோம். மீதி இரண்டையும் அடுத்த காலாண்டுக்குத் தள்ளியது பலருக்கு வருத்தம்தான். அதில் ஒன்று, ஒருவர் பல மாதமாக ஆசையோடு பேசிவந்த மொபைல் செயலி.

செப்டம்பர் 15-க்குப் பிறகு எண்ணைப் பார்த்தபோது 52-ல் நின்றிருந்தது. புதிய திரைகள் சொன்ன தேதியில் வெளியாகியிருந்தன. பழைய பட்டியலின்படி அந்த வரி பச்சை நிறத்தில் முடிந்திருக்கும். கோப்பை எடுக்காத நிறுவனங்களை ஒவ்வொன்றாக அழைத்துக் கேட்டதில், பலர் திரைகளில் மாட்டிக்கொள்ளவே இல்லை என்று தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த தொழிலாளர்களின் பி.எஃப். கணக்கு எண், அதாவது யு.ஏ.என்., ஆதாரோடு இணையாமல் கிடந்தது. இணையாத எண்ணுக்குக் கோப்பு ஏறாது. முதலாளி தொழிலாளியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே 15-ஆம் தேதி கடந்துவிடுகிறது. அடுத்த காலாண்டில், கணக்கு தொடங்கும் முதல் நாளிலேயே யு.ஏ.என். பட்டியலை வாங்கிச் சரிபார்க்கும் வேலையை அணி கையில் எடுத்தது. அதே கீ ரிசல்ட், அதே 60.