ஆறு மாத கான்ட்ராக்ட்: முதல் மெசேஜில் என்ன இருக்க வேண்டும்

கிளையன்ட் கம்பெனிகளுக்காக எங்கள் பேரோலில் கான்ட்ராக்ட் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, கேண்டிடேட் கடைசி நேரத்தில் விலகப் பெரும்பாலும் சம்பளம் காரணமில்லை. இரண்டு ரவுண்டு இன்டர்வியூ முடிந்து ஆஃபர் லெட்டர் கைக்குப் போன பிறகுதான் "அப்போ இது கிளையன்ட் பேரோல் இல்லையா?" என்று கேட்கிறார்கள். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜாவா டெவலப்பர் வேலைக்கு அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ் இது:

"வணக்கம். பெருங்குடியில் ஜாவா டெவலப்பர் வேலை, 6 மாத கான்ட்ராக்ட், 2025 டிசம்பர் 1 முதல் மே 31 வரை. எங்கள் பேரோல், கிளையன்ட் பேரோல் அல்ல. மாதம் ரூ.90,000, கம்பெனியின் பிஎஃப் பங்கும் இதில் அடக்கம். பண்டிகை விடுமுறைக்குச் சம்பளம் உண்டு. நீட்டிப்பு உறுதியில்லை, இரண்டாம் கட்ட வேலைக்கு பட்ஜெட் கிடைத்தால் இன்னும் 6 மாதம். ஏப்ரல் கடைசிக்குள் சொல்லிவிடுவோம். இரு தரப்புக்கும் 30 நாள் நோட்டீஸ். விருப்பமிருந்தால் எப்போது பேசலாம்?"

'6 மாத கான்ட்ராக்ட்' முதல் வரியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. நோட்டிஃபிகேஷனில் தெரிவது அந்த வரிதான். நிரந்தர வேலை மட்டும் தேடுபவர் அங்கேயே ஒதுங்கிக்கொள்வார். இருவருக்கும் நேரம் மிச்சம்.

நீட்டிப்பு வரியை எழுதும் முன், கிளையன்ட் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர் எந்தத் தேதியில் முடிகிறது என்று அக்கவுன்ட் மேனேஜரிடம் கேட்டுவிட வேண்டும். "எக்ஸ்டென்ஷன் கண்டிப்பா வரும்" என்று மேனேஜர் வாயால் சொல்வதை நம்பி அப்படியே எழுதினால், மே மாதம் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். எதைப் பொறுத்தது, எப்போது தெரியும் என்ற இரண்டும் போதும்.

பிஎஃப் 15,000 ரூபாய் வரம்பில் 12 சதவீதம் என்றால் 1,800. கம்பெனி பங்கும் ஊழியர் பங்கும் போக 86,400. டிடிஎஸ், தொழில் வரி இதற்கு மேல். 'மாதம் 90,000' என்று மட்டும் எழுதினால் முதல் சம்பளத்தன்றே போன் வரும்.

சில கிளையன்ட்கள் நாள் கணக்கில்தான் கொடுப்பார்கள். நாளுக்கு 4,500 என்றால் 20 நாளுக்கு அதே 90,000 வரும், பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் 2026 ஜனவரியில் வார நாட்கள் 22. புத்தாண்டு, பொங்கல், மறுநாள், குடியரசு தினம் போனால் 18. சம்பளம் 81,000, ஒரு நாள் காய்ச்சல் வந்தால் இன்னும் 4,500 குறையும். அதனால் நாள் கணக்காக இருந்தால் 'வேலை செய்த நாளுக்கு மட்டும்' என்ற நான்கு சொல்லையும் சேர்த்துவிடுவோம்.

நோட்டீஸ் வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 30 நாள் நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம் என்றால், ஆறு மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று பொருள். இப்போதிருக்கும் நிரந்தர வேலையை விட்டு வர நினைப்பவர் போனில் கேட்டால், இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும்.