"மெஷின் நின்னுடுச்சு" என்றால் துணியைக் காயப்போடு என்று அர்த்தமா?

ஆட்டிசம் அல்லது கவனக்குறைபாடு (ஏடிஹெச்டி) உள்ள துணையோடு வாழ்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது, வேலை சொல்லும் விதத்தைத்தான். நாம் பாதி வேலையைச் சொல்லாமலேயே சொல்லிப் பழகியவர்கள். "மெஷின் நின்னுடுச்சு" என்கிறோம். "ஆமா" என்று பதில் வருகிறது. ஒரு மணி நேரம் கழித்தும் துணி உள்ளேயே கிடக்கிறது. அவர் காதில் விழுந்தது ஒரு தகவல். அது உண்மை என்பதால் ஆமோதித்தார், அவ்வளவுதான். "காயப்போட முடியுமா?" என்று கேட்டாலும் "முடியும்" என்பதோடு நிற்கலாம்.

அடுத்து நாம் கேட்பது, "ஏன் இன்னும் காயப்போடல?" பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது. நமக்கு அது குறை சொல்லும் வாக்கியம். அவருக்கு அது கேள்வி, அதனால் காரணத்தை விளக்குகிறார். நமக்கோ சாக்குச் சொல்வதாகப் படுகிறது. அந்த "ஏன்"-ஐ விட்டுவிட்டு, "துணி இன்னும் மெஷின்ல இருக்கு. இப்பவே எடுத்துக் காயப்போடு. வாளியையும் உள்ள கொண்டுவந்து வச்சிடு" என்று சொல்லுங்கள். என்ன வேலை, எப்போது, எதுவரை செய்தால் முடிந்தது என்ற மூன்றும் அதில் இருக்கிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். அதைச் சொல்லாதபோது வாளி வெளியிலேயே கிடந்தால் அது அலட்சியம் அல்ல, சொன்ன வேலை காயப்போட்டதோடு முடிந்துவிட்டது. இப்படிப் பேசுவது அதிகாரமாகத் தோன்றுமே என்று தயங்க வேண்டாம். குரல் மென்மையாக இருந்தால் போதும்.

தெளிவாகச் சொல்லியும் நடக்கவில்லையா? காரணம் இரண்டில் எது என்று பார்க்க வேண்டும். "என்ன செய்யணும்னு ஒரு தடவை சொல்லு" என்று அப்போதே கேளுங்கள். வேறு மாதிரி சொன்னால் நம் வாக்கியத்தில் கோளாறு, திருத்திச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால், பெரும்பாலும் நடுவில் நினைவிலிருந்து நழுவியிருக்கிறது. அதற்கு விளக்கம் உதவாது. போனில் செய்தியாக அனுப்பலாம், அலாரம் வைக்கலாம், ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லலாம். இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. ஆனால் திருப்பிச் சொல்லச் சொல்வது பரீட்சை வைப்பதுபோல் ஆகிவிடக் கூடாது. இருவரும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டால்தான் இதைச் செய்ய வேண்டும்.

மனநிலையைச் சொல்லவும் இதே முறைதான். "ஒண்ணுமில்ல" என்றால் ஒன்றுமில்லை என்றே நம்பிப் போய்விடுவார். "எனக்குக் கோபமா இருக்கு, உன்மேல இல்ல. எட்டு மணிக்குப் பேசலாம்" என்றால் காத்திருப்பார். எட்டு மணி என்றால் எட்டு மணிக்கே பேச வேண்டும்.

அவர் பேச்சையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். "இந்தச் சட்டை நல்லா இல்ல" என்றால் சட்டையைத்தான் சொல்கிறார்.

ஒன்று கவனிக்கவும்: எல்லோரும் எப்போதும் இப்படிச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வதில்லை. மறைமுகப் பேச்சைப் பழகிப் புரிந்துகொள்பவரும் களைப்பிலும் இரைச்சலிலும் அதைத் தவறவிடலாம். அந்த நேரத்தில் முக்கியமானதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.